ஆன்லைன் கோர்ஸுக்கு மார்க் போடுவது எப்படி?

2013 ஜனவரி கடைசியில், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தில் ஓர் இலவசப் படிப்பைத் தொடங்கியது. இணையவழிப் படிப்புகளை எப்படித் திட்டமிடுவது, எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருவதுதான் அந்தப் படிப்பின் நோக்கம். ஏறத்தாழ 41,000 பேர் பெயர் பதிவு செய்தார்கள். மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது திட்டம். அதற்காக ஒரு கூகுள் விரிதாளைத் திறந்துவைத்து, "உங்கள் பெயரை ஏதாவது ஒரு குழுவில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒரே நேரத்தில் சில பத்துப் பேர் மட்டுமே திருத்தக்கூடிய தாள் அது. ஆயிரக்கணக்கானோர் அதில் நுழைய முயன்றார்கள். எழுதிய பெயர்கள் அழிந்தன, தாள் முடங்கியது, எந்தக் குழுவில் யார் என்பதே தெரியாமல் போனது. குறிப்புகள் புரியவில்லை என்ற புகார்களும் குவிந்தன. முதல் வாரம் முடிவதற்குள்ளேயே படிப்பை நிறுத்திவைத்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு நல்ல பெயர் இருந்தது. தளம் உலகறிந்தது. தலைப்பும் தேவையான தலைப்பு. சேரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நாம் வழக்கமாகப் பார்க்கும் மூன்று விஷயங்களிலும் அந்தப் படிப்புக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால், 'மாணவர் முதலில் செய்ய வேண்டிய வேலை என்ன, அதை இத்தனை பேரும் செய்து முடிக்க வழி இருக்கிறதா, சிக்கினால் யாரைக் கேட்பது' என்று யாராவது ஒருவர் தாளில் எழுதிவைத்துச் சோதித்திருந்தால் முதல் நாளே கோளாறு தெரிந்திருக்கும். அப்படி எழுதிவைத்துச் சோதிக்கும் தாளுக்குத்தான் ரூப்ரிக் என்று பெயர்.

பி.எட். படித்தவர்களுக்கு ரூப்ரிக் புதிதல்ல. கட்டுரைக்கோ செய்முறைக்கோ மதிப்பெண் தரும்போது, எதற்காகப் பார்க்கிறோம் என்பதை இடப்பக்கம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் 'நன்று', 'சுமார்', 'போதாது' என்றால் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதைக் கட்டம் கட்டமாக எழுதுவார்கள். உயிர் இருப்பது அந்தக் கட்டங்களுக்குள்தான். "உள்ளடக்கம் தரமாக உள்ளது" என்று கட்டத்தில் எழுதினால் அது ரூப்ரிக் ஆகாது. அது நட்சத்திரம் போடுவதற்குச் சமம். தளங்களில் தெரியும் நட்சத்திரங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள்தான் அதைப் போடுகிறார்கள். இரண்டாம் வாரமே புரியாமல் விலகிப்போனவரின் குரல் அந்தச் சராசரியில் சேர்வது அரிது.

பார்வைக்கு நன்றாக இருப்பதும் கற்பிக்கும் விதத்தில் நன்றாக இருப்பதும் வேறுவேறு என்பதற்குச் சான்று உண்டு. அனோஷ் மார்கார்யனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 76 திறந்தநிலை இணையப் படிப்புகளை எடுத்து, கற்பித்தல் வடிவமைப்பின் அடிப்படைக் கொள்கைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டார்கள். ஆய்வு 2015-இல் வெளியானது. 72-க்கு அதிகபட்சமாக எந்தப் படிப்பும் 28-ஐத் தாண்டவில்லை. பாடங்களை ஒழுங்காக அடுக்கி வழங்குவதில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. சறுக்கியது, மாணவரைச் செய்யவைப்பதிலும் அவர் செய்ததைப் பார்த்துத் திருத்திச் சொல்வதிலும்தான்.

இந்தியாவின் ஸ்வயம் தளம் 2017-இல் தொடங்கியபோதே, ஒவ்வொரு படிப்பிலும் காணொளி, வாசிப்புப் பாடம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் கேட்கும் களம் என நான்கு அங்கங்கள் இருக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஓர் அங்கம் இருப்பது ஒன்று, அது வேலை செய்வது வேறொன்று. தன்மதிப்பீட்டுத் தேர்வு இருக்கிறது, ஆனால் ஏன் தவறு என்று அது சொல்வதில்லை என்றால்? ஐயம் கேட்கும் களம் இருக்கிறது, பதில் மட்டும் வருவதில்லை என்றால்? சரிபார்ப்புப் பட்டியல் 'இருக்கிறதா' என்று கேட்டு ஒரு டிக் போட்டு நகர்ந்துவிடும். அது முடிக்கும் இடத்தில்தான் ரூப்ரிக் தன் கேள்வியைத் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஒரு தொண்டு அமைப்பு தமிழில் நான்கு வாரத்துக்கு 'வீட்டிலும் வெளியிலும் முதலுதவி' என்றொரு ஆன்லைன் கோர்ஸ் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் இல்லை. மூச்சும் துடிப்பும் நின்றவருக்கு மார்பை அழுத்திக் கொடுக்கும் சிபிஆர், பாம்புக்கடி, தீக்காயம், வலிப்பு என்று வாரத்துக்கு ஒரு பாடம். மாவட்டத்தில் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாமா என்று பார்க்க இரண்டு பேரிடம் பொறுப்பு தரப்படுகிறது. ஒருவர் ஓய்வுபெற்ற செவிலியர். மற்றவர் முதலுதவி எதுவும் கற்றிராத ஒரு பள்ளி ஆசிரியர். பார்க்க வேண்டியவை நான்கு: உள்ளடக்கத்தின் துல்லியம், செயல்பாடுகள், பின்னூட்டம், கற்போருக்கான உதவி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நிலைகள்.

துல்லியத்தில் தொடங்குவோம். நான்கு வாரப் பாடத்தையும் வரிவரியாகச் சரிபார்ப்பது நடக்கிற காரியமல்ல. நடைமுறையில் செய்வது இதுதான்: தவறாக இருந்தால் யாருக்காவது தீங்கு வரக்கூடிய கூற்றுகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு முதலுதவிப் படிப்பில் அப்படி இருபது கூற்றுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே காணொளியில் அது வரும் நிமிடத்தையும், அதை ஒப்பிட்டுப் பார்த்த வழிகாட்டி எது என்பதையும், அந்த வழிகாட்டியின் ஆண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆண்டு ஏன்? சிபிஆர் பாடத்தைப் பார்த்தாலே புரியும். அமெரிக்க இதயக் கழகத்தின் வழிகாட்டி 2010 வரை, முதலில் மூச்சுவழியைத் திற, பிறகு ஊது, அதன் பிறகு அழுத்து என்ற வரிசையைச் சொன்னது. 2010-இல் அந்த வரிசை மாறி, அழுத்துவது முதலிடத்துக்கு வந்தது. அப்போது வேகம் 'நிமிடத்துக்கு 100-க்குக் குறையாமல்' என்று இருந்தது. 2015-இல் அதற்கு மேல்வரம்பும் வந்தது: நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. பெரியவர்களுக்கு அழுத்தும் ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்றது. எனவே ஒரு காணொளியில் 'முதலில் மூச்சு' என்று வந்தால் அது 2010-க்கு முந்தைய பாடம். 'குறைந்தது 100' என்று மட்டும் வந்தால் 2015-க்கு முந்தையது. படப்பிடிப்பு போன மாதம்தான் நடந்திருக்கலாம், பேசுபவர் புதிய சட்டை போட்டிருக்கலாம். ஆனால் எழுத்துப்பிரதி எந்தக் காலத்தது என்பதை அந்த ஓர் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

நம் எடுத்துக்காட்டுக் கோர்ஸில் செவிலியர் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறார். சிபிஆர் பாடம் 'குறைந்தது 100' என்கிறது. அது பழையது, ஆனால் ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவதுதான் கவலைக்குரியது. பாம்புக்கடிப் பாடத்தில், கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள். நம் ஊர்களில் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலைதான் அது. ஆனால் இந்தியாவின் சிகிச்சை நெறிமுறையும் உலக சுகாதார நிறுவனமும் அதைச் செய்யக்கூடாது என்கின்றன. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபடும், கட்டிய கை கால் அழுகிப்போகக்கூடும். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடித்த இடத்தில் திசுக்கள் ஏற்கெனவே சிதைந்துகொண்டிருக்கும்போது இது இன்னும் கெடுதல். செய்ய வேண்டியது வேறு: பதற்றத்தைத் தணிப்பது, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைப்பது, நேரத்தை வீணாக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போவது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்தால் கை கால் முழுவதும் அகலமான கட்டுத்துணியை அழுத்திச் சுற்றச் சொல்லித் தருகிறார்கள். அங்குள்ள பாம்புகளுக்கு அது சரியான முதலுதவி. அந்தக் காணொளியை அப்படியே தமிழில் குரல்மாற்றிப் போட்டால், விரியன் கடித்தவருக்கு அது கடிவாயின் சேதத்தைக் கூட்டக்கூடும். ஆக, துல்லியம் என்பதில் 'உண்மையா' என்பதோடு 'இந்த ஊருக்கு உண்மையா' என்பதும் அடங்கும். அவசரத்துக்கு 108-ஐ அழைக்கச் சொல்லாமல் 911-ஐ அழைக்கச் சொல்லும் தமிழ்ப் பாடமும் துல்லியத்தில் தோற்ற பாடம்தான்.

துல்லியத்துக்கான கட்டங்களை இப்போது எழுதலாம். தீங்கு தரக்கூடிய ஒரு கூற்றாவது தவறாக இருந்தால் நிலை 1. தீங்கான தவறு இல்லை, ஆனால் பழைய தகவல்கள் பல இருந்தால் 2. பழையவை ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் 3. தேர்ந்தெடுத்த எல்லாக் கூற்றுகளும் நடப்பு வழிகாட்டியோடு பொருந்தி, எந்த வழிகாட்டியைப் பின்பற்றினோம் என்பதையும் கடைசியாக எப்போது திருத்தினோம் என்பதையும் படிப்பே சொன்னால் 4. இப்படி எழுதிவிட்டால் செவிலியரும் சரி, வேறு யாரும் சரி, நம் எடுத்துக்காட்டுக்கு 1-ஐத் தவிர வேறொன்றும் போட முடியாது.

அடுத்தது செயல்பாடுகள். இதில் பார்க்க வேண்டியது எத்தனை வினாடி வினா இருக்கிறது என்பதல்ல. படிப்பின் முதல் பக்கத்தில் 'இதை முடித்தபின் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, அதிலுள்ள வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'சிபிஆர் செய்வீர்கள்' என்று இருக்கிறது. அப்படியானால் அந்தப் படிப்பின் ஏதோ ஒரு கட்டத்தில் மாணவர் சிபிஆர் செய்தாக வேண்டும். 'நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்த வேண்டும்?' என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அவருக்கு எண் நினைவிருக்கிறதா என்பது தெரியும். முழங்கையை மடக்காமல், தோளின் எடை இறங்க, வேகம் குறையாமல் இரண்டு நிமிடம் அழுத்த முடிகிறதா என்பது தெரியாது.

இது வெறும் சந்தேகம் இல்லை. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் கோடிங்கரும் சக ஆய்வாளர்களும் ஓர் இணைய உளவியல் படிப்பின் மாணவர் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காணொளி பார்ப்பதையும் பக்கம் வாசிப்பதையும் விட, பயிற்சிகளைச் செய்வதற்கும் கற்றலுக்கும் இடையிலான தொடர்பு ஏறத்தாழ ஆறு மடங்கு வலுவாக இருந்தது. ஆன்லைன் படிப்பின் செலவில் பெரும்பகுதி காணொளிக்கே போகிறது என்பதை நினைத்தால் இந்த விகிதம் உறுத்த வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் மூன்று வாரம் வினாடி வினாவோடு முடிகிறது. சிபிஆர் வாரத்தில் மட்டும் ஒரு நல்ல வேலை தந்திருக்கிறார்கள். உறுதியான தலையணை ஒன்றைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, இரண்டு நிமிடம் அழுத்தி, பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படமெடுத்து அனுப்ப வேண்டும். பொம்மை வாங்க வசதியில்லாத இடத்துக்கு இது பொருத்தமான வழி. ஆழத்தைத் தலையணையால் அளக்க முடியாது, ஆனால் வேகமும் கை நிற்கும் விதமும் படத்தில் தெளிவாகத் தெரியும். வலிப்பு பாடத்திலும் இப்படி ஒன்று வைத்திருக்கலாம். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் கூட்டத்தின் நடுவே நிற்கிறீர்கள், அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள், கூடியிருப்பவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று படிப்படியாக முடிவெடுக்க வைக்கும் ஒரு சூழல். அது இல்லை. முக்கியமான ஒரு திறனுக்காவது நிஜச் செயல்பாடு இருப்பதால் ஆசிரியரும் செவிலியரும் 3 தருகிறார்கள். எல்லாத் திறனுக்கும் இருந்திருந்தால் 4. வினாடி வினா மட்டும் என்றால் 2. எதுவுமே இல்லாமல் காணொளிகளின் தொகுப்பாக இருந்தால் 1.

பின்னூட்டத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மதிப்பிடுபவர் வேண்டுமென்றே தவறான விடை தர வேண்டும். சரியான விடைகளை மட்டும் அழுத்திக்கொண்டே போகும் நிபுணருக்குப் பின்னூட்டம் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் தெரியாது. 'தீக்காயத்தின் மேல் முதலில் என்ன வைப்பீர்கள்?' என்ற கேள்விக்குப் பற்பசை என்ற விடையை அழுத்திப் பார்க்க வேண்டும். "தவறு. மீண்டும் முயலுங்கள்" என்று வந்தால், மாணவர் அடுத்த விடையை அழுத்துவார், பிறகு அதற்கடுத்ததை. நான்காம் முயற்சியில் முழு மதிப்பெண் வந்துவிடும், கற்றது எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, "பற்பசை சூட்டை உள்ளேயே தேக்கும், பின்னர் காயத்தைச் சுத்தம் செய்வதும் சிரமம். குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீர் ஓடவிடுங்கள், 20 நிமிடம் வரை" என்று வந்தால், அந்தத் தவறே பாடமாகிறது. ஒவ்வொரு தவறான விடைக்கும் அதற்கே உரிய விளக்கம் வேண்டும். பற்பசை என்று சொன்னவரும் ஐஸ்கட்டி என்று சொன்னவரும் ஒரே காரணத்துக்காகத் தவறவில்லை.

நிரல் எழுதக் கற்றுத்தரும் ஹார்வர்டின் சிஎஸ்50 படிப்பில் மாணவர் எழுதியதைச் சோதிக்கும் கருவி ஒன்று உண்டு. 'தவறு' என்று சொல்லி அது விடுவதில்லை. எந்த உள்ளீட்டைக் கொடுத்துப் பார்த்தோம், என்ன வந்திருக்க வேண்டும், உங்கள் நிரலில் என்ன வந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கானோருக்குத் தனித்தனியாக ஆசிரியர் பதில் சொல்ல முடியாத இடத்திலும் உருப்படியான பின்னூட்டம் தரலாம் என்பதற்கு அது சான்று.

பின்னூட்டம் இருந்தாலே நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. அவ்ரஹாம் குளூகரும் ஆஞ்சலோ டெனிசியும் 1996-இல் அதுவரை நடந்த பின்னூட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பின்னூட்டம் உதவியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், பின்னூட்டம் கிடைத்தபின் செயல்திறன் குறைந்திருந்தது. செய்த வேலையை விட்டு ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கும் பின்னூட்டம் பலன் குறைந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம். "அருமை! நீங்கள் ஒரு சாம்பியன்!" என்று திரையில் பூத்தூவும் செயலிகளைப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளலாம்.

நம் எடுத்துக்காட்டில் வினாடி வினா விளக்கங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் மாணவர் அனுப்பிய தலையணைக் காணொளிக்கு "நன்று, தொடருங்கள்" என்று மட்டும் பதில் வருகிறது. 'உங்கள் வேகம் 90-இல் நிற்கிறது, முழங்கை மடிகிறது' என்று யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் இரு மதிப்பீட்டாளர்களுக்கும் கருத்து மாறுபடுகிறது. ஆசிரியர் 4 போட்டிருக்கிறார், செவிலியர் 2.

"சிஸ்டர், எனக்கு ரெண்டே நாள்ல பதில் வந்துச்சு. 'விரைவான பின்னூட்டம்'னுதானே கட்டத்துல இருக்கு?"

"வந்துச்சு சார். ஆனா அதைப் படிச்சிட்டு அடுத்த தடவை நீங்க என்ன மாத்திச் செஞ்சீங்க?"

இருவருமே தவறவில்லை, கட்டத்தில் எழுதியிருந்த வாசகம்தான் தவறு. அதைத் திருத்தி எழுதுகிறார்கள்: 'சமர்ப்பித்த மூன்று நாளுக்குள், மாணவரின் வேலையில் உள்ள குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் 4. வினாக்களில் அப்படி இருந்து, செய்முறையில் இல்லாவிட்டால் 3.' திருத்திய பிறகு இருவரும் 3-க்கு வந்து சேர்கிறார்கள். ரூப்ரிக்கை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பார்க்காமல் தனித்தனியே நிரப்ப வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். மாறுபடும் எண்கள், எந்தக் கட்டத்தின் வாசகம் மங்கலாக இருக்கிறது என்று காட்டுகின்றன. இரண்டையும் கூட்டிச் சராசரியாக 3 போட்டிருந்தாலும் எண் அதேதான் வந்திருக்கும், ஆனால் அடுத்த படிப்பைப் பார்க்கும்போது அதே சண்டை திரும்ப வரும்.

நான்காவது, கற்போருக்கான உதவி. இதை அலுவலக மேசையில் நல்ல இணைய வசதியோடு உட்கார்ந்து மதிப்பிட முடியாது. கைபேசியில், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மாணவரைப் போலவே புதிதாகப் பெயர் பதிந்து உள்ளே போக வேண்டும். முதல் பாடத்தை அடைய எத்தனை திரை கடக்க வேண்டியிருக்கிறது? காணொளியைத் தரம் குறைத்துத் தரவிறக்க முடிகிறதா? காது கேளாதவருக்குத் தமிழ் வசன வரிகள் இருக்கின்றனவா, அவை மனிதர் சரிபார்த்தவையா? பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருள் வினாத்தாளைப் படிக்கிறதா, அல்லது கேள்வியைப் படமாக ஒட்டிவைத்திருக்கிறார்களா? பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, புரியாத மாணவர் கேட்பதுபோல ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, பதில் வரும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஆன்லைன் படிப்புக்கு உட்காரும் நேரம் பெரும்பாலும் அதுதான்.

இதில் பள்ளி ஆசிரியரின் கண்தான் கூர்மை. விஷயம் தெரிந்தவருக்குக் குழப்பமான குறிப்பும் புரிந்துவிடும், தெரியாதவர்தான் சரியான இடத்தில் தடுக்கி நிற்பார். எடுத்துக்காட்டுக் கோர்ஸ் இதில் பிரமாதமாகச் செய்திருக்கிறது. ஞாயிறு காலை தெளிவான பதில் வந்தது, வசன வரிகள் பிழையில்லாமல் இருந்தன, பாடங்கள் சிறு கோப்புகளாகக் கிடைத்தன. தயங்காமல் 4.

இனி கூட்டுவோம். துல்லியம் 1, செயல்பாடு 3, பின்னூட்டம் 3, உதவி 4. மொத்தம் 16-க்கு 11, அதாவது 69 சதவீதம். 60-ஐத் தேர்ச்சி என்று வைத்திருந்தால் நல்ல தேர்ச்சி. ஆக, பாம்பு கடித்தால் கயிறு கட்டு என்று சொல்லித்தரும் படிப்பு, மாவட்டத்தின் எல்லாப் பள்ளிக்கும் பரிந்துரையாகப் போய்விடும்.

கூட்டல் செய்யும் அநீதி இது. நல்ல வசன வரிகள், தவறான சிகிச்சையை ஈடுகட்டாது. சொல்லப்போனால், உதவியும் வடிவமைப்பும் சிறப்பாக இருக்க இருக்க அந்தத் தவறு இன்னும் பலருக்கு இன்னும் நன்றாகப் போய்ச் சேரும். எடையை மாற்றினால் சரியாகுமா என்று பலர் முயல்வதுண்டு. துல்லியத்துக்கு இரட்டை எடை கொடுத்தாலும் 20-க்கு 12, சரியாக 60 சதவீதம். அப்போதும் தேர்ச்சிதான். எடையை இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் வேறு கட்டங்களில் முழு மதிப்பெண் வாங்கித் தப்பிக்க ஒரு வழி திறந்திருக்கலாம். எனவே சில கட்டங்களுக்குக் கீழ்வரம்பு வேண்டும்: துல்லியத்தில் 3-க்குக் கீழே போனால் மற்றவை எதுவாக இருந்தாலும் பரிந்துரை இல்லை.

அமெரிக்காவில் உயர்கல்விப் படிப்புகளை மதிப்பிடும் குவாலிட்டி மேட்டர்ஸ் அமைப்பின் முறையிலும் இதே ஏற்பாடு உண்டு. 2018-இல் வந்த அதன் ஆறாம் பதிப்பில் எட்டுப் பெருந்தலைப்புகளின் கீழ் 42 அளவீடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முக்கியத்துவத்தைப் பொறுத்து 3, 2 அல்லது 1 புள்ளி. தகுதி பெற 85 சதவீதம் வேண்டும். அது மட்டும் போதாது, 3 புள்ளி உடைய அளவீடுகள் ஒவ்வொன்றிலும் தேறியாக வேண்டும். அங்கும் மதிப்பிடுபவர் ஒருவர் அல்ல, மூவர். அவர்களில் ஒருவராவது பாடத்துறை அறிந்தவராக இருப்பார்.

கீழ்வரம்பு வைப்பதால் படிப்பு குப்பைக்குப் போய்விடாது. எதைத் திருத்தினால் எவ்வளவு மாறும் என்பதும் அதே தாளில் தெரிகிறது. பாம்புக்கடிக் காணொளியின் நான்கு நிமிடப் பகுதியை மறுபடி படமெடுத்து, அந்த வினாவையும் மாற்றினால் தீங்கான தவறு போய்விடும். அழுத்தும் வேகம் மட்டும் பழையதாக மிஞ்சும். துல்லியம் 3-க்கு ஏறும், மொத்தம் 13 ஆகும், பரிந்துரைக்கலாம். ஒரு வார வேலை. பின்னூட்டத்தை 3-இலிருந்து 4-க்கு ஏற்றுவதுதான் கடினம். ஆயிரம் பேர் அனுப்பும் காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கைநிலையைச் சொல்ல ஆள் வேண்டும். மாணவர்களே ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துச் சொல்லலாம். ஆனால் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்கும் ஒரு சின்ன ரூப்ரிக் கொடுக்க வேண்டும்: முழங்கை நேராக இருக்கிறதா, முப்பது அழுத்தம் 15 முதல் 18 நொடிக்குள் முடிகிறதா. கடிகாரம் இருந்தால் யாரும் சொல்லிவிடக் கூடியவை இவை.

ரூப்ரிக்கால் சொல்ல முடியாதவையும் உண்டு. அது பார்ப்பது படிப்பை. படித்தவருக்கு என்ன வந்தது என்பதை அது பார்ப்பதில்லை. சிபிஆர் கற்றவர்களின் கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்பது பயிற்சியாளர்கள் நன்கறிந்த விஷயம். 16-க்கு 16 வாங்கிய படிப்பை முடித்தவரும் ஆறு மாதம் கழித்துத் தடுமாறலாம். அதைத் தெரிந்துகொள்ள அவரை மறுபடி தலையணை முன் மண்டியிடச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

துல்லியத்தின் மதிப்பெண்ணுக்குக் காலாவதி தேதியும் உண்டு. அமெரிக்க இதயக் கழகம் 2025 அக்டோபரில் புதிய வழிகாட்டியை வெளியிட்டது. தொண்டையில் உணவு சிக்கிய பெரியவருக்கு வயிற்றைப் பிடித்து மேல்நோக்கி அழுத்துவதையே அதுவரை சொல்லிவந்தவர்கள், இப்போது முதலில் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம் என்று மாறி மாறிச் செய்யச் சொல்கிறார்கள். அவர்களைப் பின்பற்றி 2023-இல் எடுத்த பாடம் அன்றைக்கு 4 வாங்கியிருக்கும், இன்றைக்கு வாங்காது. ஆகவே மதிப்பீட்டுத் தாளின் அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரி இருக்க வேண்டும். எந்த ஆண்டு வழிகாட்டியோடு ஒப்பிட்டோம் என்பது ஒன்று. அந்த இருபது கூற்றுகளை மறுபடி யார், எந்த மாதம் பார்ப்பார் என்பது மற்றொன்று.